சுவருக்குள் போன தண்ணீர்த் தொட்டி

பண்டாரவாடைக் கடைத்தெருவில் கமருன்னிஸா வருகிறாள் என்றால் மீன்காரன் செவுளைத் தானே விரித்துக் காட்டிவிடுவான். எப்படியும் அவள் விரித்துப் பார்க்கத்தான் போகிறாள், நாம் முந்திக்கொண்டால் நேரமாவது மிச்சமாகும் என்று அவன் கணக்கு. புடவைக்கடையில் முந்தானையைப் பார்க்க மாட்டாள், மடிப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனைத் தராசோடுதான் வீட்டு வாசலில் ஏற்றுவாள். திருப்பிப் பார்க்க முடிகிற பொருளை மட்டுமே அவள் நம்பினாள். திருப்ப முடியாததை நம்புகிற பெருந்தன்மை அவளிடம் ஒரு காலத்தில் இருந்ததாகவும், அதை மைத்துனர் லியாகத் அலி வாங்கிக்கொண்டு போய்விட்டதாகவும் அவளே சொல்வாள்.

அது நிலத்தால் வந்த வினை. கணவர் காதர் மைதீன் குவைத்தில் சம்பாதித்து அனுப்பியதில், பாபநாசம் பக்கம் மூன்று மா நஞ்சை வாங்கச் சொல்லி அண்ணனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். லியாகத் அலியும் வாங்கினார், தன் பெயரில். விஷயம் வெளியே வந்தபோது அந்த நிலத்தை உழுதுகொண்டிருந்தவர் குத்தகைப் பதிவு தன்னிடம் இருக்கிறது என்று எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் சங்கத்துச் செங்கொடி. மைத்துனருக்குப் பின்னால் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். கமருன்னிஸாவுக்குப் பின்னால் கைக்குழந்தையாக மகள் ஹமீதா பானு மட்டும். ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனுவோடு நின்றாள். ஆட்சி மாறியது, திரும்ப மாறியது. "வேட்டிக்கரதான் மாறுது, நம்ம மனு அதே கட்டுக்குள்ளதான் கெடக்குது" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று அவள் சொன்னதை அந்தப் பக்கம் இன்றும் சிலர் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசியில் பஞ்சாயத்து பேசி, உழுதவருக்கு ஒரு பங்கு, மைத்துனருக்கு ஒரு பங்கு, ரோட்டோரத்து மனைக்கட்டு இவளுக்கு என்று முடிந்தது.

அந்த மனையில்தான் இப்போது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்சி கொடுத்த டிவியும் அடுத்த ஆட்சி கொடுத்த மிக்ஸியும் வாடகை வீட்டில் ஒரே பலகையில் சமாதானமாக உட்கார்ந்திருந்த காலம் அது.

இத்தனைக்கும் நடுவே அவள் திருப்பிப் பார்க்காத ஒரே ஆள் காதர் மைதீன்தான். அவர் குவைத்தில் ஓர் அத்தர் கடையில் இருந்தார். விடுமுறைக்கு வரும்போது பெட்டியைத் திறந்தால் தெருவே மணக்கும். அண்ணன் ஏமாற்றினான் என்று தெரிந்தபோதும் குரல் உயர்த்தாதவர், எதையும் கேட்காதவர், போட்டதைச் சாப்பிடுகிறவர். இந்த மனுஷன் ஒருத்தர் என்னிடம் எதையும் மறைக்க மாட்டார் என்பதை வைத்துத்தான் அவள் மற்ற எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள். அதுவும் போய்விட்டால் அவளுக்குக் காலூன்ற இடமில்லை.

அப்படிப்பட்டவர், முட்டி இரண்டும் தேய்ந்துபோய், இனிமேல் போவதில்லை என்று ஊர் திரும்பியவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டார். புது வீட்டில் சுவரில் தொங்குகிற மேல்நாட்டுக் கக்கூஸ் வேண்டும். தண்ணீர்த் தொட்டி சுவருக்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே பட்டன் தட்டும் கோப்பையும் மட்டும் தெரிய வேண்டும்.

முட்டி மடக்க முடியாதவர் உட்கார்ந்து போகிற மாதிரி கேட்டதில் தப்பில்லை. தரையில் நிற்கிற சாதாரணக் கோப்பையே அதற்குப் போதுமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் மறுத்துப் பேசவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒன்றும் கேட்காத மனுஷன் கேட்கிறார் என்றால், கேட்கவைக்கிறவர்கள் யாரோ இருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. கும்பகோணத்துக் கடைக்காரனா, பிளம்பரா என்பதுதான் தெரியவில்லை.

பிளம்பர் சாமிதுரை பூதலூர்க்காரன். அவன் தாத்தா பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது. இவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வண்டியில் டூல் பெட்டியோடு தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தான். பேச்சு குறைவு, போன் பேச்சு அதிகம். கமருன்னிஸாவின் பார்வையில் இரண்டுமே குற்றம்.

முதல் சந்தேகம் சுவரிலேயே ஆரம்பித்தது. இன்ஜினியர் போட்டிருந்த வரைபடத்தில் கோப்பை மேற்குச் சுவரில் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் கிப்லாவுக்கு முதுகு காட்ட வேண்டிவரும். காதர் மைதீன் அதைத் தெற்குச் சுவருக்கு மாற்றச் சொன்னார். அது சரிதான், அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் மாற்றச் சொன்னதோடு நிற்காமல், கழிவுக்குழாய் வெளியே எந்தச் சரிவில் போகவேண்டும், வளைவை எங்கே வைக்கவேண்டும் என்றும் சாமிதுரையிடம் சன்னமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் டீயோடு வந்ததும் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள். நடவே இல்லாத மனிதனுக்கு மேட்டூர் எதற்கு?

அடுத்த நாள் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது ஓர் ஆள் உயரத்துக்குக் குறைவான இரும்புச் சட்டம். நடுவில் ஒல்லியான பிளாஸ்டிக் தொட்டி, மேலே துணி மாதிரி ஓர் உறை, கீழே வளைந்த கறுப்புக் குழாய். பார்ப்பதற்கு இளைத்துப்போன கட்டில் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தியது போலிருந்தது. இதில்தான் கோப்பையும் அதன்மேல் ஆளும் தொங்கவேண்டுமாம். தரையில் ஒரு காலும் ஊன்றாதாம்.

"இது தாங்குமா தம்பி?"

"நாலு ஆள் கனம் தாங்கும்மா. சுவரு தாங்கல, இந்தச் சட்டம்தான் தாங்குது. ரெண்டு கால் தரையில, ரெண்டு புடி பின்சுவத்துல, நாலு எடத்துல போல்ட்டு."

சாமிதுரை சட்டத்தை நிறுத்தி, தரையிலிருந்து அளந்து, பென்சில் கோடு போட்டான். காதர் மைதீன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடு விழுந்ததும் அவர் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. அவள் சமையலறைக்குப் போகிற மாதிரிப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி வந்தாள். அதற்குள் அவர் உள்ளே நுழைந்திருந்தார்.

"வெறுந்தரையிலேர்ந்து அளந்தா தப்பாயிடும். மேல கலவையும் டைல்ஸும் வரும்ல? முடிஞ்ச தரை எங்க வரும்னு மொதல்ல கோடு போடு. அதுலேர்ந்து ஒரு மீட்டருல இன்னொரு கோடு. சட்டத்துலயே ஒரு மீட்டருக்கு அடையாளம் இருக்கும் பாரு, ரெண்டையும் ஒண்ணா வை." அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தினார். "வீட்ல தெரிய வேணாம்."

கடைசி மூன்று சொற்கள் கமருன்னிஸாவின் காதில் விழுந்தன. முன்னால் சொன்னதெல்லாம் விழுந்தும் விழாத மாதிரிதான், இது மட்டும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இறங்கியது. வீட்டில் தெரியக்கூடாத அளவுக்கு என்ன? அண்ணனும் இப்படித்தான் தாழ்ந்த குரலில் பேசினான். பத்திரம் பதிவான பிறகுதான் குரல் உயர்ந்தது.

அன்றைக்கு முழுவதும் அவள் சாப்பிடவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. கேட்டால் மறைத்துவிடுவார்கள், விட்டுப் பிடிக்கவேண்டும் என்பது தாலுகா ஆபீஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வேலை நடக்கும் அறைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். சித்தாள் அம்சம் கலவைச் சட்டியோடு வருகிறபோதெல்லாம் இந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அம்சம் முணுமுணுத்ததைக் கமருன்னிஸா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாற்காலியிலிருந்து அவள் பலவற்றைப் பார்த்தாள். சட்டத்தின் கால்களை சாமிதுரை தரைக் கான்கிரீட்டில் துளைபோட்டு முடுக்கினான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். கோப்பையைத் தாங்க இரண்டு மரைக்கம்பிகளைச் சட்டத்தில் மாட்டி நீட்டிவிட்டான். தண்ணீர்க் குழாயைத் தொட்டியோடு சேர்த்து, கழிவு வாயை அடைத்து, தொட்டியை நிரப்பி, எங்கேயும் கசியவில்லை என்று மறுநாள் வரை விட்டுப் பார்த்தான். இதுவெல்லாம் நல்ல வேலையாகவே தெரிந்தது. நல்ல வேலையாகத் தெரிவதுதான் அவளை உறுத்தியது. ஏமாற்றுகிறவன் எப்போதும் முதலில் நன்றாகத்தான் செய்வான்.

மேஸ்திரி வீரையன் சட்டத்தின் முகப்பில் சிமெண்ட் பலகையை இரண்டு அடுக்காக அடித்தார். அவள் எழுந்துபோய்த் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்றது.

"அட்டைய வச்சு அடைக்கிறீங்களா மேஸ்திரி?"

"கனம் சட்டத்துக்குத்தாம்மா, இது டைல்ஸ் ஒட்ட மட்டும்," என்றார் வீரையன். இந்த மாதிரித் தொட்டி வேலை அவருக்கு இதுவே மூன்றாவதோ நாலாவதோ. அதனால் உறுதியாகச் சொல்லாமல் சாமிதுரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தத் திரும்பிப் பார்த்தலையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

பலகையின் நடுவே, தொட்டியின் முகத்துக்கு நேராக, இரண்டு கை நுழைகிற அளவுக்கு ஒரு சதுர வாய் விட்டிருந்தார்கள். தூசு போகாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி அதில் செருகப்பட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சாமிதுரை அதன் மூடியை எடுத்து, உள்ளே கையை விட்டு, சின்னக் குழாயைத் திருகி மூடினான். அப்புறம் ஏதோ ஒரு பிடியைத் தள்ளி, தொட்டிக்குள் இருந்த மொத்தச் சாமானையும் கோழியின் குடலை எடுப்பதுபோல் அலுங்காமல் வெளியே எடுத்தான். தண்ணீர் விடுகிறது ஒன்று, தண்ணீர் நிரப்புகிறது ஒன்று. மணல் இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிவிட்டு, அதே வழியாக உள்ளே மாட்டி மூடினான்.

கமருன்னிஸா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

போர் மோட்டார் ரிப்பேருக்குப் போனபோது செப்புச் சுருளை மாற்றிவிட்டு வேறு எதையோ சுற்றி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுச் சைத்தூன் பீவியின் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸரே மாறிப்போனது. இதுவும் அந்த வகைதான். இன்றைக்கு எல்லார் முன்னாலும் அசல் சாமானை மாட்டுவார்கள். நாளைக்கு ஒரு நிமிஷத்தில் கையை விட்டு எடுத்துவிட்டு டூப்ளிகேட்டை வைப்பார்கள். சுவருக்குள் இருப்பதை யார் திருப்பிப் பார்ப்பது? அதற்குத்தான் இந்த ஓட்டை. அதற்குத்தான் மறைந்திருக்கிற தொட்டி. அந்தச் சாமானை விற்றுவருகிற லாபத்தில் கணவருக்கும் பங்கு இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக அழுகை வந்தது, ஆனாலும் நினைப்பை விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குச் சந்தர்ப்பம் வாய்த்தது. சாமிதுரை தங்கையின் கல்யாணம் என்று பூதலூருக்குப் போயிருந்தான். காதர் மைதீன் குளித்து, தொப்பி போட்டு ஜும்ஆவுக்குக் கிளம்பினார். வீரையன் தெற்குச் சுவரில் கீழேயிருந்து டைல்ஸ் ஒட்டிக்கொண்டு மேலே வந்திருந்தார். சதுர வாய்க்குக் கீழ்வரிசை முடிந்து, அடுத்த வரிசைக்குப் பசையை அள்ளியபோது கமருன்னிஸா எழுந்து வந்தாள்.

"இத மூடிடுங்க மேஸ்திரி."

"ஐயோ, இது பட்டன் தட்டு வர்ற எடம்மா. சாமிதுரை வரட்டுமே."

"பட்டன டைல்ஸ் மேல ஒட்டிக்கலாம். லைட்டு சுவிட்சு ஒட்டலையா? வீடு யாரு வீடு மேஸ்திரி?"

வீரையன் கல்யாணம் கட்டி இரண்டு பெண்களை வளர்த்தவர். எந்த வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்று தெரிந்தவர். துருத்திக்கொண்டிருந்த பெட்டியைப் பலகையோடு பலகையாக அறுத்தெடுத்தார். பெரிய டைல்ஸ் ஒன்றை எடுத்து, வாயைச் சுற்றிப் பசை தடவி, மேலே அப்பினார். தண்ணீர் பட்ட கண்ணாடி மாதிரிச் சுவர் ஒரே வழவழப்பாகிவிட்டது. ஓட்டை எங்கே இருந்ததென்று தன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது என்று அவர் பெருமையாகவும் சொன்னார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அறையைப் பூட்டி, காயட்டும் என்று சொல்லி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காதர் மைதீன் சாவி கேட்டார். கொடுக்கவில்லை. அவர் கேட்டதே அவள் சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

சாமிதுரை கல்யாணக் களைப்போடு, தாம்பூலப் பையோடு, கோப்பையை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கதவைத் திறந்ததும் உள்ளே போனவன் நின்றான். சுவரை மேலும் கீழும் பார்த்தான். மறுபடி வெளியே வந்து, சரியான அறைக்குள்தான் போனேனா என்பதுபோல் கதவைப் பார்த்தான்.

நடந்ததை வீரையன் பம்மிக்கொண்டே சொன்னார். சாமிதுரைக்கு வந்த கோபத்தில் தாம்பூலப் பை கீழே விழுந்தது. இதை எப்படித் திறப்பது என்று அவன் கேட்டான். போட்ட மீட்டர்க் கோடு டைல்ஸுக்குள் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு அறுத்தால் பிளேடு உள்ளே தொட்டியில் பாயும். தொட்டியில் பாய்ந்தால் சட்டத்தையே வெளியே எடுக்கவேண்டும், சுவர் முழுவதும் இடிக்கவேண்டும், அந்த டைல்ஸ் கும்பகோணத்தில் தீர்ந்துவிட்டது. திருச்சியிலிருந்து கம்பெனி ஆள் வரும்வரை கை வைக்க மாட்டேன், எனக்கு இந்தப் பழி வேண்டாம் என்று டூல் பெட்டியை மூடினான். கமருன்னிஸாவும் விடவில்லை. ஓட்டை அவ்வளவு முக்கியமென்றால் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாததற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்றாள். சத்தம் தெருவுக்குக் கேட்டது.

காதர் மைதீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு பழைய களைப்புத்தான் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"மெஷினக் குடு தம்பி."

"பாய், வேணாம்."

"குடு. இனிமே மறைச்சு என்ன."

அவர் சுவரை நோக்கிப் போனார். முட்டி வலிக்கிறது என்று தொழுகையையே நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிற மனிதர், சுவர் முன்னால் தானாக மண்டியிட்டார். கமருன்னிஸா கையை நீட்டிப் பிடிக்கப் போனவள் நின்றுவிட்டாள். நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மரைக்கம்பிகளுக்கும் நடுமையம் எடுத்து, அங்கிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுத்தார். முடிந்த தரையில் டேப்பை ஊன்றி உயரம் அளந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விரல் முட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறிய இடத்தில் பென்சில் வைத்தார், நாலு பக்கமும். அது ஒரு சதுரமானது.

துளை போடுகிற ஊசியில், டைல்ஸ் கனத்துக்குமேல் போகாதபடி அடையாளத்துக்கு டேப் சுற்றினார். நாலு மூலையிலும் துளை போட்டார். அப்புறம் வைரப் பிளேடைத் தண்ணீரில் நனைத்து, டைல்ஸின் கனம் மட்டும் அறுபடுகிற மாதிரிக் கையை ஒரே கோணத்தில் பிடித்து, கோட்டின்மேல் ஓட்டினார். வெள்ளைச் சேறு முழங்கைவரை வழிந்தது. பத்து விரலும் ஒன்றையொன்று அறிந்து வேலை செய்தன. அத்தர் சீசாவின் மூடியைத் திருகிப் பழகிய விரல்கள் அல்ல அவை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் இந்தக் கைகளை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

துண்டு கையோடு வந்தது. பின்னால் அறுபட்ட பெட்டியின் வாய், கொஞ்சமும் விலகாமல் அப்படியே இருந்தது. தொட்டியில் ஒரு கீறல் இல்லை.

"வேல பழகின கைம்மா," என்றான் சாமிதுரை, தரையைப் பார்த்துக்கொண்டு. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதுதான் அவளைச் சுட்டது. பூதலூர்க்காரனுக்குத் தெரிந்தது, வீட்டில் தெரிய வேண்டாம்.

அதற்குமேல் வேலை அமைதியாக நடந்தது. இணைப்புக் குழாய்களை அளந்து அறுத்து, வாயில் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகினார்கள். சுவருக்கும் கோப்பைக்கும் நடுவே மெத்தென்ற தகடு ஒன்று வைத்து, மரைக்கம்பிகளில் கோப்பையைத் தள்ளி, நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினார்கள். உள்ளே கையை விட்டுச் சின்னக் குழாயைத் திறந்ததும் சுவருக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் மெல்லக் கேட்டு அடங்கியது. பட்டன் தட்டு டக்கென்று உட்கார்ந்தது. அழுத்தினான். தண்ணீர் சுழன்று போனது.

"உக்காந்து பாருங்க பாய். கனம் வச்சுப் பாத்துடுவோம்."

காதர் மைதீன் பின்வாங்கினார். "நீ பாரு."

சாமிதுரை மூடியின்மேல் உட்கார்ந்து ஆடிக் காட்டினான். வீரையனையும் உட்காரவைத்தான். கோப்பை அசையவில்லை. மறுபடி பாயைக் கூப்பிட்டான். அவர் இன்னும் ஓர் அடி பின்னால் போய்க் கதவில் முதுகு இடித்துக்கொண்டார். நெற்றி வேர்த்திருந்தது. ஆசைப்பட்டுக் கேட்டவர், விட்டுக்கொடுக்காமல் நின்று வைத்தவர், தொட மாட்டேன் என்கிறார்.

வேலைக்காரர்கள் போனதும் கமருன்னிஸா கதவைச் சாத்தினாள்.

"உள்ள என்ன இருக்கு? நீங்களே உக்காரப் பயப்படறீங்க. என்னத்த வச்சீங்க சுவத்துல?"

அவர் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தார். சிமெண்ட் காய்ந்து கையில் வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"அத்தர் கடையெல்லாம் இல்ல கமரு. பொண்ணு கேக்க வந்தப்ப உங்க அத்தாகிட்ட எங்க அண்ணன் சொன்னது அது. நான் மறுத்துப் பேசல. அப்புறம் பேச முடியல. ஏர்போர்ட்டுல வாங்குற அத்தர்தான் அது. எனக்கு அங்க இந்த வேலதான். சட்டம் நிறுத்தறது, தொட்டி வைக்கிறது, கோப்பை தொங்கவிடறது. ஓட்டல், பெரிய வீடு, ஆஸ்பத்திரி, கட்டடம் கட்டடமா."

முட்டி தேய்ந்தது எப்படி என்று அவள் கேட்காமலேயே விளங்கியது. கோபம் வந்தது. சம்பந்தி வீட்டில் அத்தர் கடை மேனேஜர் என்று எத்தனை மிதப்பாகச் சொல்லியிருக்கிறாள். அந்த லியாகத் அலி நிலத்தில் ஒரு தடவை ஏமாற்றினான் என்றுதானே நினைத்தாள். அதற்கும் முன்னாலேயே, அவள் வயலட் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்த அன்றைக்கே ஏமாற்றியிருக்கிறான். இந்த மனுஷன் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் கேள்வி வேறாக வந்தது.

"அப்ப ஏன் உக்கார மாட்டேங்கிறீங்க?"

"மாட்டி முடிச்ச ஒடனே மேல டேப்பு ஒட்டிடுவாங்க. மாட்டினவங்க உக்காரக் கூடாது. ஒரு தடவ மலையாளத்துப் பையன் ஒருத்தன் வயித்துப் போக்கு தாங்காம உக்காந்துட்டான். அன்னைக்கே ஊருக்கு அனுப்பிட்டாங்க. எங்களுக்கு கீழ தகரக் கொட்டாய், வெயில்ல வரிசையில நிக்கணும்." அவர் நகத்திலிருந்த சிமெண்டைச் சுரண்டினார். "இத்தன வருஷத்துல ஒண்ணுலகூட நான் உக்காந்ததில்ல கமரு. ஒண்ணாவது எனக்குன்னு வைக்கணும்னு இருந்துது. வச்சுட்டேன். கிட்ட போனா ஒடம்பு மாட்டேங்குது."

பொய் பொய்தான், அதை அவள் மன்னித்துவிடவில்லை. நாளைக்கு இதற்கு ஒரு சண்டை உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கணத்தில் அவளுக்கு அந்தக் கட்டடங்களின் மேல்தான் ஆத்திரம் பொங்கியது, அந்த வழவழ சுவர்கள் எல்லாவற்றின் மேலும்.

"எந்திரிங்க," என்றாள். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "உள்ள போங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். யாரு ஒட்டுறான் டேப்பு, நான் பாக்கறேன்."

அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. பழக்க தோஷத்தில் அவள் காது கதவுப் பக்கம் சாய்ந்தது. பிறகு, தண்ணீர்ச் சத்தமல்லாத ஒரு சத்தம், விம்மல்போல் விட்டுவிட்டுக் கேட்டது. கமருன்னிஸா காதை எடுத்தாள். ஓசைப்படாமல் பின்கட்டைத் தாண்டி, கொல்லைக் கோடிவரை நடந்தாள். எதுவும் கேட்காத தூரத்தில் நின்று, அவர் தானாக வெளியே வருகிறவரை அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தாள்.